கொடுப்பவர் மூக்கும் வாங்குபவர் மூக்கும்

வளைகுடா நாட்டில் யாராவது வேலை பார்க்கிற வீடாக இருந்தால், பீரோவின் மேல்தட்டில் இரண்டு மூன்று சென்ட் பாட்டில்களாவது செலஃபேன் உறை பிரிக்கப்படாமல் இருக்கும். யாரோ பிரியமாக வாங்கி வந்தது. வேண்டாம் என்று சொல்ல மனம் வராது, பூசிக்கொள்ளவும் மனம் வராது. கொஞ்ச நாள் கழித்து அது இன்னொரு கல்யாணத்துக்கு, இன்னொருவர் கைக்குப் போய்ச் சேரும். சேலை பிடிக்கவில்லை என்றால் கடையில் மாற்றிக்கொள்ளலாம், ஸ்வீட் பிடிக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். சென்ட் மட்டும் ஏன் இப்படி ஊர் சுற்றுகிறது?

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். தோஹாவில் வேலை பார்க்கும் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார். தங்கைக்குக் கும்பகோணத்தில் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. தங்கையின் மாமனார், மாமியார், கல்லூரியில் படிக்கும் கொழுந்தன் மூவரையும் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி. வெறுங்கையோடு போக முடியாது. மூவருக்கும் ஆளுக்கொரு சென்ட் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று அவர் நினைக்கிறார். ஷாப்பிங் மாலில் அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், தள்ளுபடியும் ஓடுகிறது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் சிக்கல் அவருடைய மூக்கு. ஒரு வாசனை தொடர்ந்து பட்டுக்கொண்டே இருந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு நாறாது. வளைகுடாவில் லிஃப்டிலும் கடை வாசலிலும் ஊத் என்கிற அகில் வாசமும் பக்கூர் புகையும் நிறைந்திருக்கும். அங்கே நாலு வருஷம் இருந்தவருக்கு ஓர் அடர்த்தியான ஊத் சென்ட் ‘சாதாரணமாக’த் தெரியும். அதையே கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் திறந்தால் எல்லோரும் ஜன்னலைத் தேடுவார்கள். வாங்குகிறவர் ‘லேசாக இருக்கிறது’ என்று நினைப்பதற்கும் பெறுகிறவர் அப்படி நினைப்பதற்கும் சம்பந்தம் இல்லாமல் போவது இதனால்தான்.

கடையில் வரிசையாக ஐந்தாறு பாட்டில்களை முகர்ந்ததும் மூக்கு குழம்பிவிடும். காப்பிக் கொட்டையை நீட்டி, முகர்ந்தால் மூக்கு சரியாகிவிடும் என்பார் விற்பனையாளர். சோதித்துப் பார்த்தபோது காப்பிக் கொட்டை வெறும் காற்றைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. கடைக்கு வெளியே வந்து பத்து நிமிஷம் நிற்பதே போதும். அதைவிட நல்லது, ஒரு நாளைக்கு மூன்று வாசனைக்கு மேல் பார்க்காமல் இருப்பது.

இரண்டாவது சிக்கல் அந்தக் காகிதப் பட்டை. சென்ட் என்பது ஒரே வாசனை கிடையாது. பல பொருள்கள் கலந்தது, ஒவ்வொன்றும் ஆவியாகும் வேகம் வேறு. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் போன்றவை கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பறந்துபோகும். பூ வாசனைகள் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். சந்தனம், கஸ்தூரி வகைகள், வெனிலா, ஊத் ஆகியவை கடைசியில் தங்கும், துணியில் பட்டால் மறுநாளும் இருக்கும். கடையில் பட்டையை ஆட்டி முகரும்போது கிடைப்பது அந்த முதல் கால் மணி நேரம். பூசிக்கொள்கிறவர் நாள் முழுக்க வாழ்வது மீதியோடு. அதனால் கடையில் பிடித்ததை முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு தடவை அடித்துக்கொண்டு, வேறு வேலையைப் பார்த்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பார்த்து வாங்குவதுதான் முறை. தள்ளுபடி விற்பனையில் யாரும் இதற்குக் காத்திருப்பதில்லை.

தோலும் காகிதமும் ஒன்றல்ல. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் வாசனை அதிக நேரம் நிற்கும், வறண்ட தோலில் சீக்கிரம் போய்விடும். வெப்பம் இன்னும் பெரிய விஷயம். 22 டிகிரி ஏசியில் தேர்ந்தெடுத்த இனிப்பு வாசனை, மே மாதத்துக் கும்பகோணத்தில் வேர்வையோடு கலந்து பல மடங்கு எழும்பும். வெனிலா, காரமெல் போலத் தித்திக்கும் சென்ட்கள் குளிர்நாட்டில் கம்பளிக் கோட்டுக்கு மேல் எழிலாக இருக்கலாம். நம் ஊர் மதிய பஸ்ஸில் அவை தலைவலி.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தாலும், மூக்குகளே ஒன்றுபோல் இல்லை. முகரும் உணர்வுக்கென்று நம் உடலில் வேலை செய்கிற ஏற்பிகள் சுமார் 400 வகை உண்டு. அவற்றுக்கான மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும். வயலட் பூவின் வாசனைக்குக் காரணமான பீட்டா அயோனோன் என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது இனிய பூ வாசம். வேறு சிலருக்கு அது புளித்த, நெடியான ஒன்று, அல்லது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு மரபணுவின் வேறுபாடுதான் இதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று 2013இல் கண்டறிந்தார்கள். ஆண்ட்ரோஸ்டெனோன் என்ற இன்னொரு பொருள் சிலருக்கு வேர்வை நாற்றம், சிலருக்கு வெனிலா போன்ற இனிப்பு, சிலருக்கு வாசனையே தெரியாது. செயற்கைக் கஸ்தூரி வகைகளிலும் இப்படித்தான், குறிப்பிட்ட ஒரு கஸ்தூரியை முகரவே முடியாதவர்கள் கணிசமாக உண்டு. அந்தக் கஸ்தூரி நிறைந்த சென்ட்டை அப்படிப்பட்ட ஒருவருக்குக் கொடுத்தால், ‘வாசனையே இல்லையே’ என்று இன்னும் நாலு முறை அடித்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புவார். பக்கத்து நாற்காலிக்காரர் பாடு திண்டாட்டம்.

பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. மல்லிகை வாசனையில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. தனியே, அடர்த்தியாக முகர்ந்தால் அது நாப்தலின் உருண்டையையும் கழிவையும் நினைவூட்டும். சிறிதளவில், மற்ற மணங்களோடு சேர்ந்தால்தான் அது பூவுக்குச் செழுமை தருகிறது. மல்லிகைச் சரத்தோடு வளர்ந்த மூக்குக்கு இண்டோல் கனமான சென்ட் மங்கலமானது. அதே சென்ட் வேறு பழக்கத்தில் வளர்ந்தவருக்கு அழுகிய பூவாகப் படும். யாருக்கு எது என்பதை அதிகம் அறியாத ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது பிடிக்கும், பிடிக்காது என்ற அளவில். சில இடங்களில் பரிசு உடம்புக்கே ஆகாமல் போகும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘அலர்ஜி’ என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு சென்ட் பெரும்பாலும் அலர்ஜியாக வேலை செய்வதில்லை, எரிச்சலூட்டியாக வேலை செய்கிறது. ஸ்பிரேயின் நுண்துளிகளும் ஆவியும் ஏற்கெனவே சிவந்திருக்கும் மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கின்றன. ஊதுபத்தி, பக்கூர் இரண்டிலும் புகையும் சேர்ந்து வருவதால் நிலைமை இன்னும் மோசம். இங்கே சென்ட்டைப் பூசுகிறவர் யார் என்பது முக்கியமில்லை. வீட்டில் யாராவது ஒருவருக்கு வீசிங் இருந்தால் போதும்.

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இரண்டாவது வகை. நெடியான வாசனை சிலருக்குத் தலைவலியைக் கிளப்பும். தலைவலி வந்தபிறகு எந்த வாசனையும் தாங்காது. இவர்கள் வீட்டில் சென்ட் பாட்டில் இருக்காது, ஊதுபத்தி ஏற்ற மாட்டார்கள், காரில் தொங்கும் வாசனை அட்டையைக் கழற்றி எறிந்திருப்பார்கள். கவனித்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் உண்மையான தோல் அலர்ஜி, இதுதான் ஏமாற்றும் வகை. முதல் முறை பூசும்போது ஒன்றும் ஆகாது. பல முறை பட்ட பிறகு உடம்பு அந்தப் பொருளை எதிரியாகப் பதிவுசெய்துகொள்கிறது. அதற்குப் பிறகு எப்போது பட்டாலும், உடனே அல்ல, ஒன்றிரண்டு நாள் கழித்து கழுத்திலோ அக்குளிலோ சிவந்து அரிக்கும். இடைவெளி இருப்பதால் காரணம் சென்ட் என்றே பலருக்குத் தோன்றாது, சாப்பாட்டைக் குறை சொல்வார்கள். ஒருமுறை பதிவாகிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நீடிக்கும். தோல் மருத்துவர் முதுகில் ஒட்டும் பேட்ச் டெஸ்டில்தான் எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க முடியும்.

இயற்கையானது என்றால் பயமில்லை என்று நினைப்பது இங்கே உதவாது. கிராம்பிலும் துளசியிலும் இருக்கும் யூஜினால், எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனின், லாவெண்டரில் இருக்கும் லினலூல் எல்லாமே ஐரோப்பிய ஒன்றியம் லேபிளில் தனியாகப் பெயர் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கும் பொருள்கள். அந்தப் பட்டியலில் முதலில் 26 பொருள்கள் இருந்தன. 2023இல் வந்த திருத்தத்தால் அது 80ஐத் தாண்டிவிட்டது, மல்லிகைச் சாறும் அதில் சேர்ந்திருக்கிறது. லிமோனின், லினலூல் இரண்டும் புதிதாக இருக்கும்போது அவ்வளவு தொல்லை தருவதில்லை. பாட்டிலைத் திறந்து காற்றுப்பட்டு ஆக்சிஜனோடு சேரச் சேரத்தான் அலர்ஜி தரும் பொருளாக மாறுகின்றன. திறந்து பல வருஷமான பழைய பாட்டிலைப் பெட்டி மாற்றிப் பரிசாகக் கொடுக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெர்கமோட் எண்ணெயில் பெர்கப்டென் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், சென்ட் வழிந்த கோட்டிலேயே தோல் கருத்துவிடும். இன்று பெரிய நிறுவனங்கள் அதை நீக்கிய எண்ணெயைத்தான் பயன்படுத்துகின்றன. வீட்டிலேயே தயாரித்த ‘சுத்தமான’ எண்ணெய்க் கலவை என்று விற்பவற்றில் அந்த உத்தரவாதம் கிடையாது.

ஆனால் ஓர் எண்ணைக் கவனியுங்கள். அதே ஐரோப்பிய விதியில், தோலில் தங்கும் பொருளாக இருந்தால் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் போட வேண்டும். கழுவிவிடும் சோப்பு, ஷாம்பூவாக இருந்தால் அந்த எல்லை 0.01 சதவீதம். பத்து மடங்கு தளர்வு. தோலில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் ஆபத்தைத் தீர்மானிக்கிறது என்று விதி எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பரிசு தேர்ந்தெடுப்பவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்பது என் எண்ணம். வாசனை தோலில் எவ்வளவு நேரம் தங்கும்? பிடிக்காவிட்டால் பெறுகிறவர் அதை நிறுத்த முடியுமா? கூட இருப்பவர்கள் மேலும் அது போய்ச் சேருமா? அறிமுகம் குறைவான ஆளுக்கு வாங்கும்போது இந்த மூன்றிலும் குறைவாக வருவதையே எடுக்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால் ஸ்பிரே சென்ட்டைவிடவும் மோசமான ஒன்று வரும். கண்ணாடிக் குப்பியில் எண்ணெய் ஊற்றிக் குச்சி செருகி வைக்கும் ரீட் டிஃப்யூசர். பார்க்க அழகாக இருப்பதால் ஆபீஸ் பரிசுகளில் இப்போது அதிகம் நடமாடுகிறது. சென்ட்டைப் பூசாமல் இருக்கலாம், இதற்கு நிறுத்தும் சுவிட்ச் இல்லை, இரவும் பகலும் வீட்டில் எல்லோர் மேலும் வீசும். தட்டிவிட்டால் மேஜை வார்னிஷ் உரிந்துவிடும், தவழும் குழந்தை குடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பூனை வளர்க்கிற வீடாக இருந்தால் டீ ட்ரீ போன்ற எண்ணெய்களை வாசலுக்கே கொண்டுபோகக் கூடாது. அவற்றை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரல் நம்முடையதைப் போலச் செய்வதில்லை, ரோமத்தில் பட்டதை அது நக்கியும் தீர்க்கும்.

இனி சந்தர்ப்பம். கருவுற்ற முதல் மாதங்களில் நேற்று வரை பிடித்த வாசனையே குமட்டும். கீமோதெரபி எடுக்கிறவர்களுக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் வாசனை சோப்புப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்களுக்கு வழியனுப்பும் பரிசாக அத்தர் கொடுக்கிறவர்கள் உண்டு. இஹ்ராம் நிலையில் நறுமணம் பூசக் கூடாது என்பதால் அந்த நாட்களுக்கென்றே வாசனையில்லாத சோப்பும் ஷாம்பூவும் தனியாக விற்கிறார்கள். போகும்போது அதைக் கொடுப்பது பொருத்தம், அத்தரை அவர் திரும்பி வந்தபின் கொடுக்கலாம். முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் ஆல்கஹால் கலந்த சென்ட்டைத் தவிர்ப்பார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். எண்ணெயில் செய்த அத்தர் அவர்களுக்குச் சரி.

பொருளுக்கு இருக்கும் அர்த்தமும் ஒன்று உண்டு. டியோடரண்டைப் பரிசாகக் கொடுத்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், ‘உன் மேல் நாறுகிறது’ என்றுதான் பெறுகிறவர் காதில் விழும். அதேபோல், ஆபீசில் அதிகம் பேசிப் பழகாத பெண்ணுக்கு ஓர் ஆண் கழுத்தில் பூசும் சென்ட் வாங்கிக் கொடுத்தால், அவர் நினைத்த அர்த்தமும் அந்தப் பெண் எடுத்துக்கொள்ளும் அர்த்தமும் ஒன்றாக இருக்காது. சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்துப் பரிசு கொடுக்கும் விளையாட்டில் இந்தத் தர்மசங்கடம் வருஷா வருஷம் யாருக்காவது நடக்கிறது.

நம் பழைய கல்யாண வரவேற்பு மேஜையை நினைத்துப் பார்த்தால், இந்த விஷயத்தில் முன்னோர்கள் கெட்டிக்காரர்கள். சந்தனக் கிண்ணத்தை நீட்டுவார்கள், வேண்டிய அளவு வந்தவரே விரலால் தொட்டுக்கொள்வார். பன்னீர் இரண்டு சொட்டு தெளித்தால் பந்திக்கு உட்காரும் முன் காய்ந்துவிடும். பாட்டிலோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

சரி, தோஹாக்காரருக்கு வருவோம். அவர் செய்ய வேண்டிய முதல் காரியம் கடைக்குப் போவதல்ல, தங்கைக்குப் போன் போடுவது. ‘உங்க வீட்டுல யாருக்கு என்ன சென்ட் பிடிக்கும்?’ என்று கேட்டால் பயனில்லை. ‘எதுக்குண்ணா வீண் செலவு’ என்றுதான் பதில் வரும். சோப்பைக் கேட்க வேண்டும்.

“ஏம்மா, உங்க மாமியார் என்ன சோப்பு போடுவாங்க?”

“சந்தன சோப்புதாண்ணா. பவுடர்கூட போட மாட்டாங்க. தலையில தினமும் மல்லிப்பூ மட்டும் இருக்கணும் அவங்களுக்கு.”

“மாமா?”

“மாமாவுக்குக் கொஞ்சம் வீசிங் இருக்குண்ணா. சாயங்காலம் சாம்பிராணி போட்டா வாசல்ல போய் உக்காந்துக்குவாரு. தம்பிதான், ஹாஸ்டல்லேருந்து வந்தா பாத்ரூம் முழுக்க பாடி ஸ்பிரே நெடி.”

இவ்வளவு போதும். மாமனாருக்கு வாசனையுள்ள எதுவும் வேண்டாம். சாம்பிராணிக்கே எழுந்து போகிறவர் வீட்டுக்கு ஊத் கொண்டுபோவது வம்பு. நல்ல பேரீச்சம்பழம் ஒரு பெட்டி, சர்க்கரை இருந்தால் பாதாமோ பிஸ்தாவோ. அவருடைய வீசிங் மற்ற இருவருக்கான பரிசையும் கட்டுப்படுத்துகிறது. வீட்டுக் கூடத்தில் அடிக்கப்படும் எதுவும் அவர் மூச்சுக்குள்ளும் போகும்.

மாமியார் வாசனை பிடிக்காதவர் அல்ல. அவருக்கு ஏற்கெனவே தன் வாசனை இருக்கிறது, சந்தனமும் மல்லிகையும். அதன்மேல் இன்னொன்றைப் பூசச் சொல்வது தேவையில்லை. சந்தன சோப்பு வாங்கலாம் என்றால், பெங்களூரில் செய்ததைத் தோஹாவில் வாங்கிக் கும்பகோணத்துக்குத் தூக்கி வருவதில் அர்த்தமில்லை. இங்கே பலரும் யோசிக்காத ஒரு வழி உண்டு. சமையலறைக்குப் போகும் வாசனை. வளைகுடா சந்தைகளில் ஈரானியக் குங்குமப்பூ நன்றாகக் கிடைக்கும். தோலில் தங்காது, அறையில் வீசிக்கொண்டிருக்காது, டப்பாவை மூடினால் நின்றுவிடும், பாலிலும் கேசரியிலும் நாலு இழை போட்டால் வீடே சேர்ந்து அனுபவிக்கும். தூளாக வாங்கக் கூடாது, இழையாகத்தான் வாங்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு இழை போட்டால் மஞ்சள் நிறம் மெல்ல இறங்கும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் சிவப்புச் சாயம் இறங்கி இழை வெளுத்தால் அது சாயம் ஏற்றியது. இரண்டு கிராம் டப்பா வாங்கினால் போதும். மாமியார் மனதில் இடம்பிடிக்க மருமகளின் அண்ணன் இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

கொழுந்தனுக்கு சென்ட்டே கொடுக்கலாம். அவன் ஏற்கெனவே வாசனை பூசுகிறவன். ஆனால் எவ்வளவு பெரிய பாட்டில்? ஒரு முறை அழுத்தினால் ஏறக்குறைய 0.1 மில்லி வெளியே வரும். 100 மில்லி பாட்டிலில் ஆயிரம் தடவை அடிக்கலாம். தினம் இரண்டு தடவை என்றால் ஐந்நூறு நாள் ஆகிறது. முன்பின் பழகாத பையன் ஒருவனை ஐந்நூறு நாள் ஒரே வாசனையோடு கட்டிப்போட நமக்கு என்ன உரிமை? 10 மில்லி குப்பியில் நூறு தடவை இருக்கிறது, பிடிக்காவிட்டால் நண்பனுக்குக் கொடுத்துவிடுவான். சில நிறுவனங்கள் 2 மில்லி குப்பிகள் ஐந்தாறு சேர்த்துப் பெட்டியாக விற்கின்றன. இந்த வயதுப் பையனுக்கு அதுதான் சரியான பரிசு, எது தனக்கு ஒத்துவருகிறது என்று அவனே பார்த்துக்கொள்வான்.

பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓ டி கொலோன் என்றால் வாசனைப் பொருள் சுமார் 2 முதல் 5 சதவீதம். ஓ டி ட்வாலெட் என்றால் 5 முதல் 15. ஓ டி பர்ஃப்யூம் என்றால் அதற்கும் மேல், 20 வரை. மீதி பெரும்பாலும் ஆல்கஹால். இவை தோராயமான எண்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதிக சதவீதம் என்றால் உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்வார், விலையும் அப்படித்தான் ஏறும். ஹாஸ்டலில் மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் பையனுக்கு, வெயில் ஊரில், ட்வாலெட் போதும். எலுமிச்சை வகையில் தொடங்கி லேசான மர வாசனையில் முடிகிற ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். புகை, தோல், கனமான ஊத், மிட்டாய் இனிப்பு ஆகிய நான்கையும் தெரியாத ஆளுக்கு வாங்க வேண்டாம். இவற்றை விரும்புகிறவர்கள் உயிராக விரும்புவார்கள், மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

தங்கையிடம் போன் செய்ய முடியாத நிலையும் வரும். புது மேனேஜருக்கு, மாடி வீட்டுக்காரருக்கு, குழந்தையின் டீச்சருக்கு. அப்போது மூவகைக் கேள்விக்கும் பிழைத்து நிற்பது சோப்புதான். கழுவினால் போய்விடும், விருந்தினர் குளியலறையில் வைத்துவிடலாம், யாருக்கும் அது அந்தரங்கமான பரிசாகவும் படாது. தோல் ஒத்துக்கொள்ளாதவர் என்று தெரிந்தால் வாசனை நீக்கியதை வாங்க நினைப்பீர்கள். அங்கே ஒரு சின்னப் பொறி. ‘அன்சென்டட்’ என்று போட்டிருந்தால், மூலப்பொருளின் நெடியை மறைக்க லேசாக வாசனை சேர்த்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று போட்டிருப்பதில்தான் வாசனைப் பொருள் சேர்க்காமல் இருப்பார்கள். அதையும் பின்பக்க லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. மெழுகுவர்த்தி இரண்டாவது இடம், ஏற்றாமல் அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம் என்பதால்.

கடைசியாகப் பெட்டி கட்டுவது. சென்ட் தீப்பிடிக்கும் திரவம். கைப்பையில் எடுத்துப்போகும் பாட்டில் 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. பாதிதான் மீதியிருக்கிறது என்று சொன்னாலும் பெரிய பாட்டிலை விட மாட்டார்கள், அதில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவுதான் கணக்கு. செக்-இன் பெட்டியில் ஒரு பாட்டில் அரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது, சென்ட், ஸ்பிரே, மற்ற அலங்காரப் பொருள் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2 லிட்டர்தான். டியூட்டி ஃப்ரீயில் வாங்கியது முத்திரையிட்ட பையிலேயே இருக்க வேண்டும், நடுவில் விமானம் மாறும்போது அதைப் பிரித்துவிட்டால் அடுத்த சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். ஊரிலிருந்து வேறு ஊருக்கு அனுப்புவதென்றாலும் இதே தொல்லை. ஆல்கஹால் சென்ட்டை விமானத்தில் போகும் சாதாரண தபால் பையில் போட அனுமதி இல்லை. ஊர் வந்து சேர்ந்ததும் வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டியை விடாதீர்கள். வெப்பமும் வெளிச்சமும் முதலில் கெடுப்பது அந்த எலுமிச்சை வாசனையைத்தான், உறை பிரிக்காத பாட்டிலாக இருந்தாலும். பில்லைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தால் பாட்டிலின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்து, பொருந்தாவிட்டால் ஊருக்குக் கிளம்பும் முன்பே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.